ஆய்விதழ் முகப்புக் கடிதத்தின் மூன்று வாசகங்கள்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது உடன் செல்லும் மின்னஞ்சலே முகப்புக் கடிதம். கட்டுரையின் பங்களிப்பு, அதன் சொந்தத் தன்மை, கட்டுரையாளர் அனைவரின் உடன்பாடு ஆகிய மூன்றும் அதில் இடம்பெறுகின்றன. தமிழில் இம்மூன்றையும் குறிக்க வழங்கும் ‘புதிய’, ‘சொந்தப் படைப்பு’, ‘ஆசிரியர் ஒப்புதல்’ என்னும் தொடர்கள் பொருள் தெளிவின்றி அமைந்துள்ளன. கடிதம் எழுதுபவர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதை அவை மறைத்துவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். நன்னூலின் பாயிரக் கருத்துகள், இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள், பன்னாட்டு ஆய்விதழ் மரபுகள் ஆகியவற்றின் துணையுடன் அவ்வாசகங்கள் ஆராயப்பட்டு, ஒரு மாதிரிக் கடிதம் திருத்தி அமைத்துக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முகப்புக் கடிதம், பங்களிப்பு, சொந்தத் தன்மை, கட்டுரையாளர் உடன்பாடு, பாயிரம், ஒப்புமைச் சோதனை

முன்னுரை

ஓர் ஆய்வுக் கட்டுரையை இதழாசிரியர் படிக்கத் தொடங்கும் முன்னர் அவர் கண்ணில் படுவது அதனுடன் வந்த மின்னஞ்சலே. தமிழாய்வில் இக்கடிதம் ஒரு சடங்காகவே கருதப்படுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவர் படியெடுத்துத் தலைப்பையும் பெயரையும் மட்டும் மாற்றி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு வழங்கும் கடித வகையைப் பின்வருமாறு தொகுத்துக் காட்டலாம்:

> மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் தரமான ஆய்விதழில் வெளியிடும் பொருட்டு எனது கட்டுரையை இணைத்துள்ளேன். இக்கட்டுரை சங்க இலக்கிய ஆய்வில் புதிய பரிமாணத்தைத் திறக்கிறது. இது எனது சொந்தப் படைப்பு என உறுதியளிக்கிறேன். ஆசிரியர் ஒப்புதலும் பெறப்பட்டுள்ளது. தயவுகூர்ந்து வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இக்கடிதத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆயினும் இதைப் படித்த இதழாசிரியருக்குக் கட்டுரையைப் பற்றி ஒரு செய்தியும் கிடைப்பதில்லை. எந்தக் கட்டுரைக்கும் இது பொருந்தும். எந்த வாக்குறுதியும் இதில் மீறக்கூடிய அளவுக்குத் தெளிவாக இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. பின்னர் ஒரு சிக்கல் எழுந்தால், ‘நான் சொன்னது வேறு’ என்று எழுதியவரும், ‘நாங்கள் புரிந்துகொண்டது வேறு’ என்று இதழும் கூற இடமுண்டு. இக்கட்டுரை அம்மூன்று வாசகங்களையும் வரிசையாக எடுத்துக்கொள்கிறது. விளக்கத்துக்காக, ஒரு முனைவர் பட்ட ஆய்வாளரும் அவருடைய நெறியாளரும் சேர்ந்து எழுதியதாகக் கொண்ட ஒரு கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாகக் கையாளப்படுகிறது.

குறுந்தொகையை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தவர் சௌரிப்பெருமாள் அரங்கனார். அப்பதிப்பு 1915இல் வெளிவந்தது. உ.வே.சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வெளிவந்தது. இவ்விரு பதிப்புகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிடுவது நம் எடுத்துக்காட்டுக் கட்டுரையின் பொருள். பதிப்புகளும் ஆண்டுகளும் உண்மையானவை. கட்டுரையும் அதன் முடிவுகளாகக் கீழே தரப்படும் எண்களும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை.

1. பங்களிப்பு: தன்னைப் புகழ்தலும் தன் நூலைக் கூறுதலும்

‘புதிய பரிமாணம்’, ‘இதுவரை எவரும் ஆராயாத’, ‘ஆய்வுலகில் ஓர் இடைவெளியை நிரப்பும்’ போன்ற தொடர்கள் பங்களிப்பைக் கூறுவனபோல் தோன்றும். இவை உண்மையில் மதிப்பீடுகள். மதிப்பிடும் பணி இதழாசிரியருடையதும் மதிப்பீட்டாளருடையதும் ஆகும். கட்டுரையாளர் தர வேண்டியது அவர்கள் மதிப்பிடுவதற்கான செய்தி.

இவ்வேறுபாட்டைத் தமிழிலக்கண மரபு நன்கறிந்திருந்தது. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவையாக நன்னூல் எட்டுச் செய்திகளை வகுக்கிறது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் புகழுரை அன்று; எட்டும் சரிபார்க்கத்தக்க செய்திகள். பாயிரத்தைத் தன் ஆசிரியர், தன்னுடன் கற்றவர், தன் மாணாக்கர், உரைகாரர் ஆகிய பிறரே செய்ய வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. நூல் செய்தவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதே அதற்குக் காரணம்.

இவ்விதிக்கு நன்னூலார் சில விலக்குகளையும் தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடத்தும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்தபோதும் தன்னைப் புகழ்தல் குற்றமாகாது. முகப்புக் கடிதம் முதல் இரண்டு விலக்குகளுக்குள்ளும் அடங்கக்கூடியது. அது முடிவு செய்யும் இடத்துக்கு விடுக்கப்படும் ஓலை. அதைப் பெறுபவரும் எழுதியவரின் ஆற்றலை அறியாதவர். எனவே தன் கட்டுரையின் சிறப்பை எடுத்துரைக்க ஆய்வாளர் நாண வேண்டியதில்லை. அச்சிறப்பு எத்தகைய வாக்கியத்தால் உரைக்கப்படுகிறது என்பதே வினா.

இதற்கும் நன்னூலிலேயே ஒரு வழிகாட்டல் உள்ளது. நூல்கள் முதல், வழி, சார்பு என மூவகைப்படும். வழிநூல் என்பது முதல்நூலோடு பொருளால் ஒத்து, பின்னோன் வேண்டிய வேறுபாட்டையும் உடையது. இன்றைய ஆய்வுக் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை வழிநூல்களே. ஆகவே பங்களிப்பு வாக்கியம் இரண்டு செய்திகளைக் கூறினால் போதும்: எதைத் தொடர்கிறது, எங்கே வேறுபடுகிறது. எதைத் தொடர்கிறது என்பதைச் சொல்லாமல் வேறுபாட்டை மட்டும் கூறினால் அது வெற்றுப் புகழ்ச்சியாகும். தொடர்வதை மட்டும் கூறினால் கட்டுரைக்குத் தேவையே இல்லாமற்போகும்.

நம் எடுத்துக்காட்டுக் கட்டுரைக்கு அவ்வாக்கியம் இவ்வாறு அமையலாம்:

> குறுந்தொகையின் 1915, 1937ஆம் ஆண்டுப் பதிப்புகளை 40 பாடல்களில் ஒப்பிட்டதில் 62 இடங்களில் பாடம் வேறுபடுகிறது. அவற்றுள் 9 இடங்களில் மட்டுமே பாடலின் பொருள் மாறுகிறது. அவ்வொன்பது இடங்களையும் அட்டவணையிட்டு, எப்பாடத்தை ஏற்கலாம் என்பதற்கான காரணங்களைக் கட்டுரை முன்வைக்கிறது. ஓலைச்சுவடிகளை நேரில் ஒப்பிடவில்லை.

இதில் ‘புதிய’ என்ற சொல் இல்லை. புதியது எது என்பது படிப்பவருக்கே விளங்குகிறது. இதழாசிரியர் இதைக் கொண்டு மூன்று முடிவுகளை எடுக்க முடியும்: தம் இதழின் எல்லைக்குள் இது அமைகிறதா, யாரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புவது, கூறிய ஒன்பது இடங்களும் கட்டுரைக்குள் இருக்கின்றனவா. இறுதி வாக்கியம் கட்டுரையின் வரம்பைக் கூறுகிறது. சுவடிகளைப் பார்க்கவில்லை என்பதை மதிப்பீட்டாளர் எப்படியும் கண்டுகொள்வார். கட்டுரையாளரே கூறும்போது அது குறையாக நில்லாமல் ஆய்வெல்லையாக நிற்கிறது.

பங்களிப்பு வாக்கியம் சரியாக அமைந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதே துறையில் எழுதப்பட்ட வேறொரு கட்டுரைக்கு அவ்வாக்கியத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தினால் அது செய்தி அன்று. ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே கடிதத்தில் ஒட்டுவதும் பயனற்றது. சுருக்கம் ஆய்வு நடந்த முறையையும் சொல்லும். கடிதத்தில் முடிவும் அதன் வரம்பும் போதும்.

2. ‘சொந்தப் படைப்பு’: ஒரு தொடரில் நான்கு வாக்குறுதிகள்

‘இது எனது சொந்தப் படைப்பு’ என்னும் தொடர் பார்வைக்குத் தெளிவானது. இதழ்கள் எதிர்பார்க்கும் உறுதியோ நான்கு தனித்தனி வாக்குறுதிகளைக் கொண்டது. முதலாவது, கட்டுரையின் எழுத்தும் கருத்தும் பிறரிடமிருந்து மேற்கோளின்றி எடுக்கப்பட்டவை அல்ல. இரண்டாவது, கட்டுரை முன்னர் வெளிவரவில்லை. மூன்றாவது, இதே நேரத்தில் வேறோர் இதழின் பரிசீலனையில் இல்லை. நான்காவது, கட்டுரையாளரின் முந்தைய எழுத்தோடு இதற்குள்ள உறவு மறைக்கப்படவில்லை. ‘சொந்தப் படைப்பு’ என்னும் தமிழ்த் தொடர் முதல் வாக்குறுதியை மட்டுமே தருகிறது. தன் கட்டுரையையே இரண்டு இதழ்களுக்கு ஒரே நாளில் அனுப்பியவரும் அது தமது சொந்தப் படைப்பு என்று பொய்யின்றிக் கூற முடியும்.

இரண்டாம் வாக்குறுதி ஆய்விதழ் வரலாற்றில் தனித்து வளர்ந்தது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்த ஃபிரான்ஸ் இங்கல்ஃபிங்கர், பிற இடத்தில் வெளிவந்தவற்றைத் தம் இதழ் ஏற்காது என்னும் விதியை 1969இல் அறிவித்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மூன்றாம் வாக்குறுதியின் காரணம் வேறு. ஒரே கட்டுரையை இரண்டு இதழ்கள் ஏற்றால் வெளியீட்டு உரிமையில் முரண் ஏற்படும். ஊதியமின்றிப் படிக்கும் மதிப்பீட்டாளர்களின் உழைப்பும் ஓரிடத்தில் வீணாகும். காரணங்கள் வேறாக இருப்பதால் வாக்கியங்களும் வேறாக இருப்பதே முறை.

தமிழ் ஆய்வாளருக்கு மிகுந்த இடர் தருவது நான்காம் வாக்குறுதியே. நம் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். இக்கட்டுரையின் சுருங்கிய வடிவம் ஒரு கருத்தரங்கில் படிக்கப்பட்டு, கருத்தரங்கக் கோவையில் 4 பக்கங்களாக அச்சாகியுள்ளது எனக் கொள்வோம். அக்கோவைக்குப் பன்னாட்டுத் தரப் புத்தக எண்ணும் உண்டு. மேலும், இது ஆய்வேட்டின் மூன்றாம் இயலாக அமையவிருக்கிறது. ஆய்வேடு பட்டமளிப்புக்குப் பின் சோத்கங்கா மின்களஞ்சியத்தில் ஏற்றப்படும். இப்போது இக்கட்டுரை ‘முன்னர் வெளிவராதது’ ஆகுமா?

இவ்வினாவுக்கு ஒரே விடை இல்லை. சுருக்கப்பட்ட கருத்தரங்க வடிவத்தை விரித்து எழுதினால் ஏற்கும் இதழ்கள் உண்டு, ஏற்காதனவும் உண்டு. ஆய்வேட்டின் இயலை முன்வெளியீடாகக் கருதாத இதழ்கள் பல, கருதுவனவும் இருக்கலாம். முடிவு செய்பவர் இதழாசிரியர். அவர் முடிவு செய்வதற்கான செய்தியைத் தருபவர் கட்டுரையாளர். ‘சொந்தப் படைப்பு’ என்ற தொடர் அச்செய்தியைத் தராமலேயே அவரது இசைவைப் பெற்றுவிடுகிறது. பின்னர் ஒரு வாசகர் கருத்தரங்கக் கோவையைக் கண்டெடுத்துச் சுட்டிக்காட்டினால், அதே செய்தி மறைப்பாக மாறிவிடும். முன்பே கூறியிருந்தால் ஓர் அடிக்குறிப்போடு முடிந்திருக்கக்கூடியது, வெளிவந்த பின் கட்டுரையைத் திரும்பப் பெறும் அளவுக்குச் செல்லக்கூடும்.

பல ஆய்விதழ்கள் பயன்படுத்தும் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்னும் மென்பொருளின் அமைப்பு இங்குக் கருதத்தக்கது. கட்டுரை முன்னர் வெளிவரவில்லை, வேறிதழின் பரிசீலனையிலும் இல்லை என்னும் உறுதியை அது கட்டத்தில் குறியிடச் செய்கிறது. அதன் முந்தைய பதிப்புகளில் அதே வரியில், அவ்வாறு இல்லையெனில் இதழாசிரியருக்கான குறிப்பில் விளக்கம் தரலாம் என்னும் இடமும் விடப்பட்டிருந்தது. அக்குறிப்புக்கான பெட்டி திரையில் `Comments for the Editor` என்னும் பெயரில் தோன்றும். கட்டத்தில் குறியிட்டதையே கடிதத்தில் மீண்டும் எழுதுவதால் பயனில்லை. கட்டத்துக்குள் அடங்காததைச் சொல்லவே கடிதம் தேவைப்படுகிறது.

2.1 ஒப்புமை விழுக்காடு எதை உறுதிப்படுத்துகிறது?

‘மென்பொருள் சோதனையில் 6 விழுக்காடு மட்டுமே வந்தது’ என்று கடிதத்தில் எழுதுவது இப்போது பெருகிவருகிறது. இதன் பின்புலத்தில் இருப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள். அவை 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைத் தண்டனைக்குரியதாகக் கொள்வதில்லை. அதற்கு மேற்பட்டதை 40 வரை, 60 வரை, 60க்கு மேல் என மூன்று நிலைகளாகப் பகுக்கின்றன. உரிய சான்றுடன் தரப்பட்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான பொதுச் செய்தி முதலியவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் அவை கூறுகின்றன.

தமிழ்க் கட்டுரைகளில் இவ்விழுக்காடு இரு திசைகளிலும் தவறு செய்யும். ஒரு திசையில், குற்றமற்ற கட்டுரை மிகுந்த ஒப்புமை காட்டும். நான்கடி நேரிசை ஆசிரியப்பாவில் 15 சீர்கள் இருக்கும். ஆகவே குறுந்தொகையின் மிகச் சிறிய பாடலே ஏறத்தாழ அந்த 14 சொல் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பாடலை மேற்கோள் குறியின்றித் தனி அடிகளாகத் தருவது நம் வழக்கம். மென்பொருள் அதை மேற்கோளாக அறியாமல் ஒப்புமையாக எண்ணிவிடக்கூடும். இருபது பாடல்களை முழுமையாகத் தரும் பாடவேறுபாட்டுக் கட்டுரையின் விழுக்காடு உயர்வது இயல்பே.

மறு திசையில், திருட்டு எழுத்து குறைந்த விழுக்காட்டோடு தப்பிவிடும். அச்சில் மட்டும் உள்ள பழைய நூல்களும் கருத்தரங்கக் கோவைகளும் மென்பொருளின் தரவுத்தளத்தில் இல்லாவிடில் அவற்றிலிருந்து எடுத்தது தெரியாது. எழுத்துருவும் ஒரு காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் இவ்வாறு இருக்கும்:

```
jkpo;
```

ஒருங்குறியில் உள்ள ‘தமிழ்’ என்ற சொல்லோடு இதை மென்பொருள் ஒப்பிட இயலாது. ஒருங்குறிக்கு மாற்றாமல் சோதித்த கோப்பின் 2 விழுக்காடு ஒன்றையும் மெய்ப்பிப்பதில்லை.

எனவே தமிழில் சொந்தத் தன்மைக்கான உறுதியின் பெரும்பகுதி எழுதியவரின் சொல்லையே சார்ந்துள்ளது. விழுக்காட்டைக் குறிப்பிட விரும்பினால், ஒருங்குறிக் கோப்பில் சோதிக்கப்பட்டதா, பாடல் மேற்கோள்கள் நீக்கப்பட்டனவா என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். அவ்விரண்டும் இல்லாத எண் இதழாசிரியருக்கு உதவாது.

3. ‘ஆசிரியர் ஒப்புதல்’: யாருடைய ஒப்புதல்?

மூன்றாம் வாசகத்தின் சிக்கல் மொழியிலேயே தொடங்குகிறது. தமிழில் ‘ஆசிரியர்’ என்பது நூல் எழுதியவரையும், கற்பிப்பவரையும், இதழை நடத்துபவரையும் குறிக்கும். ஆகவே ‘ஆசிரியர் ஒப்புதல் பெறப்பட்டது’ என்னும் தொடருக்கு இரு பொருள் உண்டு. கட்டுரையை எழுதிய அனைவரும் உடன்பட்டனர் என்பது ஒன்று. நெறியாளர் அனுமதித்தார் என்பது மற்றொன்று. முதலாவது, பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது. இரண்டாவது, மேலிருப்பவரின் இசைவைப் பெறுவது. இதழ் கேட்பது முதலாவதை; மாணவர் பல வேளைகளில் எழுதுவது இரண்டாவதை.

இக்குழப்பத்தைச் சொல்லளவில் தீர்ப்பது எளிது. எழுதியவரைக் கட்டுரையாளர் என்றும், வழிநடத்துபவரை நெறியாளர் என்றும், இதழை நடத்துபவரை இதழாசிரியர் என்றும் மூன்று சொற்களால் குறித்தால் போதும். அவ்வாறு குறித்தவுடன் சொல்லுக்குப் பின்னிருக்கும் வினா வெளிப்படும்: நெறியாளர் இக்கட்டுரையின் கட்டுரையாளரா?

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதற்கு நான்கு தகுதிகளை வகுத்துள்ளது. ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ அறிவார்ந்த முறையில் திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்தை ஏற்றிருக்க வேண்டும். கட்டுரை குறித்து எழும் வினாக்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தே தகுதியாகும். நான்காவது 2013இல் சேர்க்கப்பட்டது. இவை மருத்துவத் துறைக்காக எழுந்தவை எனினும் பிற துறைகளும் இவற்றை அளவுகோலாகக் கொள்கின்றன. இவ்வளவுகோலின்படி, தலைப்பைத் தந்து ஊக்கப்படுத்தியதால் மட்டும் நெறியாளர் கட்டுரையாளராவதில்லை. நன்றியுரையில் இடம்பெறுவதே முறை. பாட ஒப்பீட்டு முறையை வகுத்து, ஒன்பது இடங்களிலும் வாதத்தைத் திருத்தி, இறுதி வடிவத்தையும் படித்து ஏற்றவர் எனில் அவர் கட்டுரையாளரே. அவர் பெயரை விடுவதும் தவறு.

இங்கு மாணவரின் நிலை மென்மையானது. நெறியாளர் பெயரை மரியாதைக்காகச் சேர்த்து, அவரிடம் இறுதி வடிவத்தைக் காட்டாமல் அனுப்புவதும் நடக்கிறது. நெறியாளரே தம் பெயரைச் சேர்க்கச் சொல்வதும் நடக்கிறது. முதல் நிலையில், தாம் படித்திராத ஒரு வாதத்துக்கு நெறியாளர் பொறுப்பாளியாகிறார். இரண்டாம் நிலையில், மறுக்க இயலாத மாணவர் ‘அனைவரும் உடன்பட்டோம்’ என எழுத நேர்கிறது. 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட நெறிமுறைகளில் கட்டுரை வெளியிட வேண்டும் என்னும் கட்டாயத்தை மானியக் குழு நீக்கியது. ஆயினும் வேலைவாய்ப்பிலும் பதவி உயர்விலும் வெளியீடுகளின் எண்ணிக்கை மதிப்பெண்ணாகத் தொடர்கிறது. பெயர்ச் சேர்க்கையின் அழுத்தம் அங்கிருந்தே பிறக்கிறது.

இவ்வழுத்தத்தைக் கடிதத்தின் ஒரு வரி நீக்கிவிடாது. ஆனால் உடன்பாட்டை வெறும் கூற்றாக விடாமல் செயலாக மாற்றும் முறை ஒன்றுண்டு. இறுதிக் கோப்பைக் கட்டுரையாளர் அனைவருக்கும் அனுப்பி, நான்கு செய்திகளுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும்: இந்த வடிவம், இந்த இதழ், இந்தப் பெயர் வரிசை, தொடர்பாளராக இவர். விடை வந்த பின்னரே அனுப்ப வேண்டும். அனுப்பும் மின்னஞ்சலின் படியில் அனைவரது முகவரியும் இடம்பெற வேண்டும். அப்போது உடன்படாத ஒருவருக்கு மறுக்க வாய்ப்பு அன்றே கிடைக்கிறது. இதழாசிரியருக்கும் ‘அனைவரும் உடன்பட்டனர்’ என்னும் கூற்றைத் தாமே சரிபார்க்க வழி பிறக்கிறது. விடை வராத ஒருவரை உடன்பட்டவராகக் கணக்கிடக் கூடாது, அமைதி உடன்பாடாகாது.

ஒருவரே எழுதிய கட்டுரைக்கு ‘அனைத்து ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டுள்ளனர்’ என்று எழுதுவதும் காணப்படுகிறது. அது படியெடுத்த கடிதம் என்பதை அவ்வரியே காட்டிவிடும். அங்கு, ‘இக்கட்டுரையின் கட்டுரையாளர் நான் ஒருவனே’ என்றோ ‘ஒருத்தியே’ என்றோ எழுதுவதே உண்மை.

4. திருத்தி அமைத்த கடிதம்

மேற்கண்ட மூன்று பகுதிகளின் முடிவுகளைக் கொண்டு, தொடக்கத்தில் காட்டிய கடிதத்தைப் பின்வருமாறு திருத்தி எழுதலாம்.

> பொருள்: ஆய்வுக் கட்டுரை – குறுந்தொகைப் பதிப்புகளில் பாடவேறுபாடு (1915, 1937)
>
> இதழாசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.
>
> மேற்குறித்த தலைப்பிலான கட்டுரையைத் தங்கள் இதழின் பரிசீலனைக்கு அனுப்புகிறோம்.
>
> இவ்விரு பதிப்புகளை 40 பாடல்களில் ஒப்பிட்டதில் 62 இடங்களில் பாடம் வேறுபடுகிறது. 9 இடங்களில் மட்டுமே பொருள் மாறுகிறது. அவ்வொன்பது இடங்களிலும் எப்பாடத்தை ஏற்கலாம் என்பதற்கான காரணங்களைக் கட்டுரை தருகிறது. ஓலைச்சுவடிகளை நேரில் ஒப்பிடவில்லை.
>
> கட்டுரையின் எழுத்தும் பகுப்பாய்வும் எங்களுடையவை. பிறர் கருத்துகளுக்கு உரிய இடங்களில் சான்று தந்துள்ளோம். இக்கட்டுரை இவ்வடிவில் முன்னர் வெளிவரவில்லை. வேறோர் இதழின் பரிசீலனையிலும் இல்லை. இதன் சுருங்கிய வடிவம் (12 பாடல்கள், 4 பக்கம்) ஒரு கருத்தரங்கக் கோவையில் வெளிவந்துள்ளது. அதன் படியை இணைத்துள்ளோம். முதற்கட்டுரையாளரின் ஆய்வேட்டில் இது மூன்றாம் இயலாக அமையும். ஆய்வேடு இன்னும் அளிக்கப்படவில்லை.
>
> முதற்கட்டுரையாளர் பாடங்களை ஒப்பிட்டுக் கட்டுரையை எழுதினார். இரண்டாம் கட்டுரையாளர் ஒப்பீட்டு முறையை வகுத்து, வாதங்களைத் திருத்தினார். இருவரும் இறுதி வடிவத்தைப் படித்து, பெயர் வரிசைக்கும் இவ்விதழுக்கு அனுப்புவதற்கும் எழுத்தில் உடன்பட்டுள்ளோம். இம்மின்னஞ்சலின் படி இருவருக்கும் செல்கிறது.
>
> பெயர்களற்ற கட்டுரைக் கோப்பும் தனித் தலைப்புப் பக்கமும் இணைப்பில் உள்ளன.

முந்தைய கடிதத்தைவிட இது நீண்டது. ஆயினும் ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். ‘தரமான இதழ்’, ‘பணிவுடன் வேண்டுகிறேன்’ ஆகிய தொடர்கள் இதில் இல்லை. அவை நீக்கப்பட்டதால் மரியாதை குறையவில்லை. இதழாசிரியரின் நேரத்துக்குத் தரும் மதிப்பு கூடியுள்ளது.

இறுதி வரி ஒரு நுட்பமான சிக்கலைத் தொடுகிறது. இருபுறப் பெயர் மறைப்பு முறையில் மதிப்பிடும் இதழ்களில், கட்டுரையாளர் யார் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது. கடிதம் இதழாசிரியருக்கு மட்டும் செல்வதால் அதில் பெயரும் கருத்தரங்கச் செய்தியும் இருக்கலாம். அதே செய்தி கட்டுரைக்குள் ‘எனது முந்தைய கட்டுரையில்’ என்று அமைந்தால் மறைப்பு குலையும். கோப்பின் பண்புகளில் தானாகப் பதியும் பெயரும் அவ்வாறே காட்டிக்கொடுக்கும். அனுப்பும் முன் அதை நீக்க வேண்டும்.

முடிவுரை

முகப்புக் கடிதத்தின் மூன்று வாசகங்களும் ஒரே வகைப் பேச்சு அல்ல. பங்களிப்பு என்பது சரிபார்க்கத்தக்க கூற்று. அதில் மதிப்பீட்டுச் சொல் தவிர்க்கப்பட்டு, எதைத் தொடர்ந்து எங்கே வேறுபடுகிறது என்பது கூறப்பட வேண்டும். சொந்தத் தன்மை என்பது வாக்குறுதி. ‘சொந்தப் படைப்பு’ என்னும் ஒரே தொடருக்குள் மறையும் நான்கு உறுதிகளும் தனித்தனியே தரப்பட வேண்டும். தமிழ் எழுத்துக்கான ஒப்புமைச் சோதனை குறைபாடுடையதாக இருக்கும்வரை விழுக்காடு அவ்வாக்குறுதிக்கு ஈடாகாது. உடன்பாடு என்பது பிறர் சார்பில் பேசுவது. அதற்கு அவர்களின் எழுத்து வடிவ விடை முன்னதாகவே இருக்க வேண்டும்.

இம்முடிவுகளுக்கு எல்லையும் உண்டு. கடிதம் நன்றாக அமைந்ததால் மட்டும் கட்டுரை ஏற்கப்படுவதில்லை. கையொப்பமிட்ட தனிப்படிவத்தைக் கேட்கும் இதழ்களில் கடிதம் மேலும் சுருங்கலாம். படிவத்தில் அடங்காத செய்திகள் மட்டும் அதில் போதும். தமிழாய்விதழ்கள் தம் அறிவுரைப் பக்கங்களில் ‘ஆசிரியர்’ என்னும் சொல்லைக் கட்டுரையாளர், நெறியாளர், இதழாசிரியர் எனப் பிரித்து வழங்குவதும், கருத்தரங்கக் கோவையும் ஆய்வேடும் முன்வெளியீடாகக் கருதப்படுமா என்பதை வெளிப்படையாக அறிவிப்பதும் இதன் அடுத்த படியாக அமையும். அவ்வறிவிப்பு இல்லாத இடத்தில், உண்மையை முன்கூட்டியே சொல்லும் ஆய்வாளர் கட்டுரை மறுக்கப்படும் இடரையும் ஏற்கிறார். மறைப்பவரோ அவ்விடரை வெளியீட்டுக்குப் பின்வரும் நாளுக்குத் தள்ளிவைக்கிறார்.